உவமையா உருவகமா? குழப்பமே இல்லாம கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

தமிழ்ப் பரீட்சையில அணி கேள்வி வந்தா பாதிப் பேர் பண்றது ஒண்ணுதான், 'போல'ன்னு இருந்தா உவமை, இல்லன்னா உருவகம்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. சில நேரம் மார்க் வரும், பல நேரம் வராது. ஏன்னா 'போல' இருந்தும் உவமை இல்லாத வாக்கியம் எக்கச்சக்கம், 'போல' இல்லாமலே உவமையா இருக்கிறதும் எக்கச்சக்கம். இதுல எல்லா அணியையும் இழுத்துப் போடப் போறதில்ல, தமிழ்ல அணிகள் நிறைய இருக்கு, ஆனா உவமையையும் உருவகத்தையும் சரியா பிரிக்கத் தெரிஞ்சா மத்த பல அணிகள் இதுலேர்ந்து கிளம்பினதுதான்னு தானா புரியும். அதனால இந்த ரெண்டை மட்டும் நல்லா தோண்டுவோம்.

முதல் ஸ்டெப்: நாலு பாகத்தையும் தேடுங்க

"உன் கை ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கு." தினமும் யாராவது சொல்ற வாக்கியம். இதுல நாலு சாமான் இருக்கு. எதைப் பத்தி பேசுறோம்? கை. அதுதான் உவமேயம், பொருள்னும் சொல்லுவாங்க. அதைப் புரிய வைக்க எதைக் கொண்டு வந்தோம்? ஐஸ். அது உவமானம், ஸ்கூல் புத்தகத்துல சுருக்கமா உவமைன்னே போட்டிருக்கும். ரெண்டையும் சேர்த்து வைக்கிற சொல் எது? மாதிரி. அது உவம உருபு. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு? ஜில்லுனு இருக்கிறது. அது பொதுத்தன்மை.

பசங்க கோட்டை விடுறது எங்கன்னா உவமானத்தையும் உவமேயத்தையும் மாத்திப் போடுறதுலதான். அதுக்கு ஒரே கேள்வி போதும்: இந்த வாக்கியத்தைச் சொல்றவங்களுக்கு எதைப் பத்திக் கவலை? கையைப் பத்தித்தான, ஐஸைப் பத்தி இல்லையே. அப்போ கைதான் உவமேயம், ஐஸ் சும்மா உதவிக்கு வந்தது.

பொதுத்தன்மைங்கிறது வாக்கியத்துல எழுதியிருக்கணும்னு கட்டாயம் இல்ல. "உன் கை ஐஸ் மாதிரி இருக்கு"ன்னு மட்டும் சொன்னாலும் ஜில்லுனு இருக்கிறதைத்தான் சொல்றோம்னு கேக்கிறவங்களுக்குத் தெரியும். வெளிப்படையா சொன்னா அதை விரியுவமைன்னும் மறைஞ்சு நின்னா தொகையுவமைன்னும் சொல்றாங்க. ஆனா மறைஞ்சிருந்தாலும் அதை நீங்க வாயால சொல்லத் தெரியணும், சொல்லத் தெரியலன்னா அந்த உவமை உங்களுக்குப் புரியலன்னு அர்த்தம்.

அந்தப் பொதுத்தன்மை எந்த வகைன்னு தொல்காப்பியத்துல உவமவியல்ல நாலா பிரிச்சு வச்சிருக்காங்க: வினை, பயன், மெய், உரு. பேரைப் பார்த்து பயப்பட வேணாம், வீட்ல பேசுறதுலயே நாலும் இருக்கு. "புலி மாதிரி பாய்ஞ்சு கேட்ச் புடிச்சான்"னா செயல் ஒத்துப்போகுது, அது வினை. "மழை மாதிரி அள்ளிக் குடுப்பார்"னா கிடைக்கிற நன்மை ஒத்துப்போகுது, அது பயன். "கால் ரெண்டும் குச்சி மாதிரி இருக்கு"ன்னா வடிவம், அது மெய். "தோசை கரி மாதிரி ஆயிடுச்சு"ன்னா நிறம், அது உரு. சில உவமையில ஒண்ணுக்கு மேலயும் இருக்கும், கயல் மாதிரி கண்ணுன்னு சொன்னா மீனோட வடிவமும் இருக்கு அது துள்ளித் துள்ளி ஓடுறதும் இருக்கு, ரெண்டையும் எழுதினா தப்பே இல்ல.

ரெண்டாவது ஸ்டெப்: 'மாதிரி'யை நம்பாதீங்க

நன்னூல்ல உவம உருபு லிஸ்ட் ஒண்ணு இருக்கு: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. பன்னெண்டு சொல்லிட்டு "என்பவும் பிறவும்"னு கதவைத் திறந்து வச்சிட்டுப் போயிடுது. அந்த 'பிறவும்'லதான் நம்ம பேச்சு வழக்கு உருபெல்லாம் வருதுன்னு நான் எடுத்துக்குவேன், மாதிரி, கணக்கா, ஆட்டம். "சின்னப்புள்ளையாட்டம் அழாத"ங்கிறதுல 'ஆட்டம்' விளையாட்டு இல்ல, உவம உருபு.

இப்போ இந்த வாக்கியங்களைப் பாருங்க. "மழை வர்ற மாதிரி இருக்கு." "அவன் தூங்கிட்டான் போல." "நேத்து சொன்ன மாதிரியே செஞ்சிடு." "மாதிரி வினாத்தாள் வாங்கிட்டு வா." நாலுலயும் உருபு மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு, ஆனா ஒண்ணுல கூட உவமை கிடையாது. முதல் ரெண்டும் ஊகம், மழை வரும்னு தோணுது, தூங்கிட்டான்னு தோணுது, அவ்ளோதான். மூணாவது, சொன்ன முறைப்படின்னு அர்த்தம். நாலாவது வெறும் சாம்பிள். ரெண்டு வேற வேற பொருள் எதிரெதிரா நிக்குதான்னு தேடிப் பார்த்தா கிடைக்காது, அதான் அடையாளம்.

இன்னொரு நுட்பமான இடம். "என் பேனா உன் பேனா மாதிரியே நீலமா இருக்கு." இங்க ரெண்டு பொருள் இருக்கு, உருபு இருக்கு, பொதுத்தன்மையும் இருக்கு, நாலு பாகமும் சரியா வந்துடுச்சு, ஆனாலும் இது அணி இல்ல. ஒரே இனத்துப் பொருளை ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்க்கிறது சாதாரண ஒப்பீடு. உவமானம்னு வர்றது உயர்ந்ததா இருக்கணும்கிறது தொல்காப்பியர் கணக்கு, "உயர்ந்ததன் மேற்றே"ன்னு அவர் சொல்றார். உயர்ந்ததுன்னா விலை உயர்ந்ததுன்னு நினைச்சுக்காதீங்க, எந்தக் குணத்தைச் சொல்ல வர்றோமோ அந்தக் குணத்துக்கே பேர்போன பொருளா இருக்கணும்னு வச்சுக்கிட்டா போதும். குளிர்ச்சின்னா ஐஸ், கருப்புன்னா கரி, பாய்ச்சல்னா புலி. உன் பேனா நீலத்துக்குப் பேர்போனதா என்ன?

மூணாவது ஸ்டெப்: உருபு ஒளிஞ்சிருந்தா 'போன்ற', 'ஆகிய' போட்டுப் பாருங்க

இதுதான் அதிகம் குழப்புற இடம், கொஞ்சம் நிதானமா போவோம். மலர்முகம், முகமலர். ரெண்டுலயும் அதே ரெண்டு சொல், உருபு ரெண்டுலயும் இல்ல. நடுவுல 'போன்ற' போட்டுப் பாருங்க. மலர் போன்ற முகம், சரியா வருது. உவமானம் முன்னாடி, உவமேயம் பின்னாடி, 'போன்ற' ஒளிஞ்சிருக்கு. இது உவமைத்தொகை. இப்போ முகமலர்ல அதையே போட்டா முகம் போன்ற மலர்னு வரும், பூவைப் பத்திப் பேசுற மாதிரி ஆயிடும், நாம பேச வந்தது முகத்தைப் பத்தி. அதனால இங்க 'ஆகிய' போடணும், முகம் ஆகிய மலர். முகம் மலர் மாதிரி இருக்குன்னு சொல்லல, முகமே மலர்தான்னு சொல்லுது. உவமேயம் முன்னாடி வந்துடுச்சு, உவமானம் பின்னாடி போயிடுச்சு. இதுதான் உருவகம்.

தேன்தமிழ் உவமை, தமிழ்த்தேன் உருவகம். பவளவாய் உவமை, வாய்ப்பவளம் உருவகம். கோபத்தீ? கோபம் ஆகிய தீ, உருவகம். கல்நெஞ்சு? கல் போன்ற நெஞ்சு, உவமை. "கணக்குல அவ புலி"ன்னு எழுவாய் பயனிலையா வந்தாலும் உருவகம் பக்கம்தான், அவளையே புலின்னு சொல்லியாச்சு, மாதிரின்னு இழுக்கல.

இந்த 'போன்ற', 'ஆகிய' டெஸ்ட்டை டீச்சருங்க எல்லாரும் சொல்லித் தருவாங்க. ஆனா அது எங்க கவுத்துவிடும்கிறதைச் சேர்த்துச் சொன்னாதான் பாடம் முழுசாகும். மல்லிகைப்பூவை எடுத்துக்குங்க. மல்லிகை ஆகிய பூ, 'ஆகிய' கச்சிதமா உக்காருது. அப்போ உருவகமா? இல்ல. மல்லிகை நிஜமாவே பூதான். பூங்கிறது பொதுப்பேர், மல்லிகைங்கிறது அதுல ஒரு வகையோட சிறப்புப்பேர், ரெண்டையும் ஒட்டி வச்சிருக்கோம், அதுக்குப் பேரு இருபெயரொட்டுப் பண்புத்தொகை. சாரைப்பாம்பு, தென்னைமரம் எல்லாம் இதே கதைதான். கோபத்தீல கோபம் நிஜமா தீ கிடையாது, தண்ணி ஊத்தினா அணையாது. அதனால 'ஆகிய' போட்டதும் நிறுத்தாம இன்னொரு கேள்வி கேளுங்க: முதல் பொருள் நிஜமாவே ரெண்டாவது பொருளா? ஆமான்னா இருபெயரொட்டு, இல்லன்னா உருவகம்.

'போன்ற' பக்கமும் ஒரு குழி இருக்கு. பொன்மேனி, பொன்வளையல். மேனி பொன்னால செஞ்சது இல்ல, பொன் மாதிரி மின்னுது, அதனால பொன் போன்ற மேனி, உவமைத்தொகை. வளையல் பொன்னாலயே செஞ்சது, பொன்னால் ஆகிய வளையல், அது மூன்றாம் வேற்றுமைத் தொகையில போயிடும். கல்நெஞ்சும் கல்தூணும் இதே ஜோடிதான். செஞ்ச பொருளா, ஒப்பிட்ட பொருளான்னு ஒரு நொடி யோசிச்சா போதும்.

உவமேயத்தையே சொல்லாம உவமானத்தை மட்டும் சொல்றதும் உண்டு. "காளை வந்தான்"னு சொன்னா வந்தது மாடு இல்ல, காளை மாதிரி வீரமான ஒரு ஆள், அந்த ஆளோட பேரே வாக்கியத்துல இல்ல. இதை உருவகம்னு எழுதக்கூடாது, உவமையாகுபெயர்னு எழுதணும். உங்க கிளாஸ்ல கயல்விழின்னு யாராவது இருந்தா இன்னும் சுவாரஸ்யம். கயல்விழின்னு கண்ணை மட்டும் சொன்னா கயல் போன்ற விழி, உவமைத்தொகை. "கயல்விழி வந்தா"ன்னு சொன்னா அந்தக் கண்ணை உடைய பொண்ணுன்னு ஆயிடும், அப்போ அது அன்மொழித்தொகை.

நாலாவது ஸ்டெப்: செய்யுள்ல ஜோடி ஜோடியா பிரிச்சு எழுதுங்க

வாக்கியத்துல கண்டுபிடிக்கிறது ஈசி, குறள்ல வந்தா திணறுவாங்க. அதுக்கு நான் சொல்ற வழி, ஒரு பேப்பர்ல நடுவுல கோடு போட்டு இடது பக்கம் உவமான பக்கம், வலது பக்கம் உவமேய பக்கம்னு பிரிச்சு ஒவ்வொரு சொல்லையும் அதோட ஜோடியோட கோத்து வைக்கிறதுதான்.

"அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை."

தன்னையே தோண்டுறவனையும் நிலம் தாங்கிக்குது, அந்த மாதிரி நம்மள இழிவா பேசுறவங்களைப் பொறுத்துக்கிறது பெரிய குணம். உவமானம் என்னன்னு கேட்டா 'நிலம்'னு மட்டும் எழுதிட்டு வந்துடறாங்க. அது பாதி விடைதான். கோடு போட்டுப் பாருங்க: இடது பக்கம் அகழ்வார், தாங்குதல், நிலம். வலது பக்கம் இகழ்வார், பொறுத்தல், நாம. தோண்டுறவனுக்கு இகழறவன் ஜோடி, தாங்குறதுக்குப் பொறுக்கிறது ஜோடி, நிலத்துக்கு நாம ஜோடி. உவமை: தன்னை அகழ்வாரை நிலம் தாங்குதல். உவமேயம்: தம்மை இகழ்வாரைப் பொறுத்தல். உவம உருபு: போல. இப்படி எழுதினாதான் முழுசு. உருபு வெளிப்படையா இருக்கு, அதனால உவமை அணி.

"தொட்டனைத்து ஊறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத்து ஊறும் அறிவு."

இங்க போலவும் இல்ல, அன்னவும் இல்ல. ஒரு நிமிஷம், 'தொட்டனைத்து'ல 'அனைத்து' இருக்கே, அது உருபான்னு சில பேர் கேப்பாங்க, இல்ல, அது தோண்டின அளவுக்குன்னு அர்த்தம் தர்ற சொல், அளவு சொல்லுது. மணல்ல தோண்டத் தோண்டத் தண்ணி ஊறும்ங்கிறது ஒரு வாக்கியம், படிக்கப் படிக்க அறிவு ஊறும்ங்கிறது இன்னொரு வாக்கியம். ரெண்டும் தனித்தனியா நிக்குது, நடுவுல 'அதுபோல'ன்னு நாமதான் சேர்த்துப் படிக்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை அணி. உருபு இல்லன்னு பார்த்து உருவகம்னு எழுதினா தப்பு, ஏன்னா அறிவே கேணின்னு எங்கயும் சொல்லல.

இப்போ உருவகம். பூதத்தாழ்வார் பாட்டு:

"அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா"

தகளின்னா அகல்விளக்கு. அன்பு அகல், ஆர்வம் நெய், சிந்தை திரி. அடுத்த வரியில "ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன்"னு வந்துடும், ஞானம் சுடர். விளக்குக்கு என்னென்ன வேணுமோ அத்தனைக்கும் ஜோடி கிடைச்சிடுச்சு, 'ஆக'வும் 'ஆ'வும் அதை ஒட்டி வைக்குது. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிரம்பிடுச்சுன்னா முழு உருவகம்.

அதே முறையில இந்தக் குறளைப் போட்டுப் பாருங்க.

"பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்."

பிறவிக்கு ஜோடி கடல், பிறவி ஆகிய பெருங்கடல், சரி. கடலைக் கடக்க ஏதாவது புடிமானம் வேணும், ஒரு தெப்பமோ படகோ. இறைவன் அடிதான் அந்தத் தெப்பம்னு நமக்குப் புரியுது, ஆனா குறள்ல அந்தச் சொல் இல்ல. இடது பக்கம் ஒரு இடம் காலியா நிக்குது. ஒண்ணை உருவகம் பண்ணிட்டு அதோட சேர்ந்த இன்னொண்ணை உருவகம் பண்ணாம விட்டா அது ஏகதேச உருவக அணி. பேரு பெருசா இருக்கே தவிர, பாதிக் கட்டம் காலின்னு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

வலது பக்கம் மொத்தமும் காலியா இருக்கிற கேஸும் உண்டு. மயிலிறகு ஏத்தின வண்டியா இருந்தாலும் அளவுக்கு மீறி ஏத்தினா அச்சு முறியும்னு "பீலிபெய் சாகாடும்"னு தொடங்குற குறள் சொல்லுது. பலவீனமான எதிரிங்க கூட நிறைய பேர் ஒண்ணு சேர்ந்தா வலிமையானவனையும் சாய்ச்சிடுவாங்கங்கிறதை அது சொல்லவே இல்ல, நாமதான் எடுத்துக்கிறோம். அது பிறிது மொழிதல் அணி.

அஞ்சாவது ஸ்டெப்: சொந்தமா எழுதும்போது

கட்டுரையில சொந்த உவமை எழுதச் சொன்னா முதல்ல உவமானத்தைத் தேடாதீங்க, பொதுத்தன்மையை முடிவு பண்ணுங்க. கோபத்தைப் பத்தி எழுதுறீங்கன்னு வைங்க. கோபத்துல எதைச் சொல்லணும்? சட்டுனு பரவுறது. பரவுறதுக்குப் பேர்போனது எது? தீ. "அவன் கோபம் தீ போலப் பரவியது." உவமை ரெடி. அதையே இறுக்கினா "கோபத்தீ பரவியது", உருவகம். இன்னும் நீட்டினா "அந்தக் கோபத்தீயில் அவள் சொன்ன சொல்லே எண்ணெயாக விழுந்தது", கோபத்துக்குத் தீ, சொல்லுக்கு எண்ணெய், ரெண்டு ஜோடியும் முழுசு. இப்போ எண்ணெயை எடுத்துட்டு "கோபத்தீயில் இன்னொரு சொல்லை ஊற்றினாள்"னு எழுதுங்க. ஊற்றினாள்ங்கிற வினை எண்ணெய்யை ஞாபகப்படுத்துது, ஆனா எண்ணெய்ங்கிற சொல் இல்ல. பிறவிப் பெருங்கடல் குறள்ல தெப்பம் இல்லாம இருந்துச்சே, அதே வேலையை நீங்களே ஒரு வரியில செஞ்சுட்டீங்க.

உருவகம் எழுதும்போது அடிக்கடி வர்ற பிழை, பாதியிலயே உவமானத்தை மாத்திடறது. "கோபத்தீ கரைபுரண்டு ஓடியது"ன்னு எழுதுவாங்க. தீ எப்படிக் கரைபுரளும், அது ஆத்து வெள்ளம் பண்ற வேலை. தீன்னு ஆரம்பிச்சா எரியணும், பரவணும், புகையணும், அணையணும். வெள்ளம்னு ஆரம்பிச்சா கரைபுரளலாம், வடியலாம். எழுதி முடிச்சதும் வினைச்சொல்லை மட்டும் தனியா எடுத்து, இது என் உவமானம் செய்யக்கூடிய வேலையான்னு பார்த்துக்குங்க.

உவமைத்தொடரை வாக்கியத்துல அமைக்கச் சொன்னாலும் இதே கதைதான். உள்ளங்கை நெல்லிக்கனி போலன்னா ஒளிவுமறைவில்லாம தெளிவா தெரியறது, பசுமரத்தாணி போலன்னா மனசுல ஆழமா பதியறது, ரெண்டையும் மாத்திப் போடுற பசங்க நிறைய. குடத்திலிட்ட விளக்கையும் குன்றிலிட்ட விளக்கையும் அப்படித்தான் மாத்துவாங்க. குடத்துக்குள்ள வச்ச விளக்கு வெளிய தெரியாது, அதனால திறமை இருந்தும் யாருக்கும் தெரியாத ஆளுக்கு அது. குன்று மேல வச்ச விளக்கு ஊருக்கே தெரியும், அதனால புகழ் பரவின ஆளுக்கு அது. "என் தங்கையின் ஓவியத்திறமை குடத்திலிட்ட விளக்குப் போல வெளியே தெரியாமல் இருந்தது"ன்னு, பொதுத்தன்மையையும் வாக்கியத்துக்குள்ளயே எழுதிடுங்க. "என் தங்கை குடத்திலிட்ட விளக்குப் போல இருந்தாள்"னு நிறுத்தினா உங்களுக்கு அர்த்தம் தெரியுமா தெரியாதான்னு திருத்துறவங்களுக்குத் தெரியாது, மார்க் குறையுறதும் அங்கதான்.